மூடியைத் திறக்கும் பேனா

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய வாடகை வீடுகளில் வாழும் மதரஸா மாணவர்களின் பெற்றோருக்காக, மின் பாதுகாப்புக் காணொளி ஒன்றுக்கு உரை எழுதினோம். முதலில் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: செய்யக்கூடாததைத் திரையில் செய்துகாட்டலாகாது. சிறு குழந்தை எச்சரிக்கையைக் கேட்பதைவிடக் கையசைவைப் பார்த்தே பழகுகிறது.

பல சாக்கெட்டுகளில் மின்சாரம் வரும் இரு துளைகளையும் உள்ளே ஒரு மூடி மறைத்திருக்கும். மேலுள்ள பெரிய துளையில் எர்த் முள் நுழையும்போது அது விலகும். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக, அத்துளையில் பேனாவை விட்டு மூடியைத் திறப்பது வீடுகளில் வழக்கம். குழந்தை அதைக் காண்கிறது. ஆதலால் மூன்று முள் பிளக்கைச் செருகுவதை மட்டும் காட்டினோம்; பேனாவைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லால் எச்சரித்தோம்.

அடுத்த காட்சி ஆர்சிசிபி. 16 ஆம்பியர் எம்சிபி வயரைக் காக்கும். ஷாக்கிலிருந்து உடலைக் காக்காது. அந்த அளவில் நூற்றில் ஒரு பங்கே உயிரைப் பறிக்கப் போதும். ஆர்சிசிபியோ, 30 மில்லிஆம்பியர் தரைக்குக் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும். அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் அணைவதைக் காட்டினோம். அணையாவிடில் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

ஆயினும் மின்சாரம் தரைக்குக் கசியாமல், ஒரு துளையிலிருந்து குழந்தையின் உடல்வழியே மறு துளைக்கே திரும்பினால் ஆர்சிசிபி அதனை உணராது. எனவே இறுதி எச்சரிக்கையை இவ்வாறு அமைத்தோம்: “மூடிதான் முதற்காவல், அதைத் திறக்கும் வித்தையைக் குழந்தை காண வேண்டாம்.”