அண்ணாச்சியின் நீள நோட்டு

எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி போன மாதம் காலமாகிவிட்டார். தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில்தான் அவர் பெயரையே நாங்கள் படித்தோம்.

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். வாரம் முழுக்க வாங்கியதைச் சனி ராத்திரி தீர்த்துவிட வேண்டும். எங்களிடம் ஒரு சின்ன நோட்டு, அவரிடம் ஒரு நீள நோட்டு. இரண்டிலும் அவரே எழுதுவார்.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. செத்துக்கொண்டிருந்த ஆற்றுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அப்பாவுக்குப் பட்டறையில்தான் வேலை. எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமையே இல்லாமல் போனது.

இரண்டாவது வாரம் அம்மா கடைக்குப் போகக் கூசி, நோட்டை என்னிடம் கொடுத்தனுப்பினாள். அண்ணாச்சி கேட்டதை நிறுத்துக் கொடுத்தார். பாக்கியைப் பற்றிச் சின்னப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி கடையில் ஆள் ஒழிந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அரிசி, பருப்பு, எண்ணெய் நிக்கக் கூடாது. சோப்பும் பிஸ்கட்டும் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்க."

அதன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அரிசி மண்டியில் அவருக்குப் பதினைந்து நாள் தவணை உண்டு. சோப்பு, பிஸ்கட் கம்பெனி வண்டிக்குக் கைமேல் காசு கொடுக்க வேண்டும். தனக்குக் கிடைத்த தவணையைத்தான் அவர் எங்களுக்கு நீட்டினார். எங்களைப் போல் தெருவில் பல வீடுகள். பீடி, சிகரெட்டு மட்டும் யாருக்கும் கடனில்லை.

பதினோரு வாரத்தில் பாக்கி 6,400 ரூபாய் ஆனது. ஏப்ரலில் அப்பாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்ததும், அண்ணாச்சி எங்கள் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு மேலே பழைய பாக்கி, கீழே புதுப் பற்று. புதியதை அந்தந்தச் சனிக்கிழமை முழுசாகத் தீர்த்துவிட வேண்டும், பழையதற்கு வாரம் 200. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியிருந்தால், அந்தத் தொகையைப் பார்த்தே மலைத்து நாங்கள் வேறு கடைக்கு நழுவியிருப்போம். ஒரு சிலர் அப்படித்தான் போனார்கள், இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்தவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்தையும் அவர் கிழித்துப் போடவில்லை, வேறு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

தீபாவளி வாரம் அம்மா நீட்டிய 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, "பிள்ளைக்குத் துணி எடும்மா" என்றார். அந்த ஒரு வாரம் தள்ளிப்போனதில் முப்பத்திமூன்றாவது வாரம், டிசம்பரில், கடன் தீர்ந்தது. வட்டி என்று ஒரு பைசா வாங்கவில்லை.

கடையை இப்போது அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார். நீள நோட்டுகள் எல்லாம் அட்டைப்பெட்டியில் அப்படியே இருக்கின்றன, அவர் யாரையும் கேட்கப் போவதில்லை. அந்தத் தெருவில் குடியிருந்து, பாக்கியோடு போனவர்கள் இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.