ஐம்பத்து மூணு வயசில் ஒரு இங்கிலீஷ் நாவல்

போன பதிவில் சம்பா அறுவடையோடு நிறுத்தியிருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டரை மாசமா இந்தப் பக்கமே காணோமேன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. சும்மா இருக்கவில்லை. ஒரு இங்கிலீஷ் நாவலை முதல் பக்கத்தில் ஆரம்பிச்சு கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடிச்சேன். பட்டணத்தில் உட்கார்ந்து இங்கிலீஷிலேயே வேலை பார்க்கிறவங்க சிரிக்க வேண்டாம். நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அதுக்கப்புறம் நான் படிச்ச இங்கிலீஷெல்லாம் உர மூட்டையிலும் மருந்து டப்பாவிலும் இருந்ததுதான்.

ஆசை எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சாகுபடி பண்ணுகிற நாலு ஏக்கரில் ரெண்டு ஏக்கர் குத்தகை. எங்க அப்பா காலத்திலிருந்து வாய்வார்த்தையாக ஓடுகிறது. நிலத்துக்காரர் போன வருஷம் காலமாகிவிட்டார். மார்கழியில் அவர் மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஒரே பக்கம், முழுக்க இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. சென்னையில் இருக்கிற மகளுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "அப்பா, நிலத்தை விக்கப் போறாங்களாம். பேச வரச் சொல்லியிருக்காங்க"ன்னு அவள் மெதுவா சொன்னாள். விஷயம் ஒரு பக்கம் வலிச்சது. என் வயலைப் பத்தின காகிதத்தை இன்னொருத்தர் படிச்சுச் சொல்ல வேண்டியிருக்கே என்பது இன்னொரு பக்கம் வலிச்சது.

பொங்கலுக்கு வந்தவளிடம், "பாப்பா, எனக்கு ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் குடு, படிச்சுப் பார்க்கிறேன்" என்றேன். அவள் அலமாரியிலிருந்து மூணு எடுத்து வைத்தாள்.

முதலாவது சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. பெரிய பேர் பெற்ற புத்தகம். பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் தெரியாத வார்த்தைகளுக்குக் கோடு போட்டேன். முப்பதைத் தாண்டியதும் மூடிவிட்டேன். ரெண்டாவது ஒரு துப்பறியும் கதை. வார்த்தை அவ்வளவு கஷ்டமில்லை, பக்கத்துக்குப் பத்துதான். ஆனால் அந்த வார்த்தைக்கு அர்த்தம் பார்த்தாலும் பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு வகைத் துப்பாக்கி, ஏதோ ஒரு வகை மது, நான் பார்த்தே இராத கட்டடத்தின் ஏதோ ஒரு பாகம். அகராதி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத்தான் கொடுக்கும். பொருளைக் கொண்டுவந்து கையில் கொடுக்காது.

மூணாவது 'நெக்டர் இன் எ ஸீவ்'. கமலா மார்க்கண்டேயா 1954ல் எழுதியது. மைசூரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். அட்டையில் இருந்த கடைசி வார்த்தையை நான் "சைவ்" என்று படிக்க, மகள் "சிவ்"ப்பா, சல்லடை என்றாள். சல்லடையில் அமுதம்! நிற்குமா? உள்ளே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தேன். பதினாலு வார்த்தை தெரியவில்லை, துப்பறியும் கதையைவிட அதிகம். ஆனால் தெரிந்த வார்த்தைகளைப் பாருங்கள்: நெல், சாணம், கூரை, மழை, குத்தகை. கதை சொல்கிறவள் ருக்மணி என்கிற பெண். அவள் புருஷன் நாதன், குத்தகை விவசாயி. அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன். இதில் வரும் பொருளெல்லாம் என்னிடம் இருக்கிறது, அதுக்கு இங்கிலீஷ் பேர் மட்டும்தான் இல்லை. இருநூறு பக்கத்துக்குள் முடிகிற புத்தகம் என்பது கூடுதல் சௌகரியம்.

படிக்கிற இடம் மோட்டார் கொட்டகை. மும்முனை கரண்ட் வருகிற நேரம் நம்ம கையில் இல்லை, காத்திருக்கிற நேரம் நம்ம கையில் இருக்கிறது. பக்கத்தில் பழைய லிஃப்கோ டிக்ஷனரி, மகள் எட்டாவதில் வாங்கியது.

முதல் மூணு நாள் பெரிய தப்பு பண்ணினேன். ஒவ்வொரு தெரியாத வார்த்தைக்கும் டிக்ஷனரியைப் புரட்டினேன். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் பாதி மறந்துபோயிருக்கும். மூணு நாளில் நாலு பக்கம். கதை என்ன என்று வீட்டுக்காரம்மா கேட்டாள், என்னால் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் ஒரு வழக்கம் வைத்தேன். முதல் தடவை வருகிற வார்த்தைக்குப் பென்சில் கோடு மட்டும், டிக்ஷனரியைத் தொடக்கூடாது. ரெண்டாம் தடவை வந்தால் முன்னும் பின்னும் பார்த்து நானாக ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வது. மூணாம் தடவையும் வந்தால், அந்த வார்த்தை இந்தக் கதைக்கு வேண்டியது. அப்போதுதான் டிக்ஷனரி. பார்த்ததை உரக்கடை கொடுத்த டைரியில் எழுதுவேன். வெறும் வார்த்தையை எழுதினால் நாலு நாளில் மறந்துபோகிறது. அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதினால் ஒட்டிக்கொள்கிறது. கோடு போட்டதில் முக்கால்வாசி மூணாம் தடவை வரவே இல்லை. அதெல்லாம் தெரியாமலே கதை ஓடியது.

'டானரி' என்கிற வார்த்தை உடனே மூணு தடவை வந்துவிட்டது. தோல் பதனிடும் ஆலை. கதையே அதுதான், அமைதியா இருந்த கிராமத்துக்குள் அந்த ஆலை வருகிறது, கடைத்தெரு விலைவாசி ஏறுகிறது, பிள்ளைகள் வயலை விட்டு ஆலைக்குப் போகிறார்கள்.

நானாக அர்த்தம் வைத்துக்கொள்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ருக்மணியின் மகள் ஐராவதியைப் புருஷன் திரும்பக் கொண்டுவந்து விடுகிறான். அவளைப் பற்றி ஒரு சொல் சொல்கிறான். நான் வாய்விட்டுப் படித்தால் "பேரன்" மாதிரி கேட்டது. சீக்காளி என்று அர்த்தம் வைத்துக்கொண்டேன். அப்புறம் ருக்மணி அவளைப் பற்றி டாக்டர் கென்னியிடம் பேசுகிறாள். சரி, சீக்குதான், பொருந்துகிறதே என்று மேலே போனேன். ஆனால் அந்தப் பெண் வீட்டில் நல்லாத்தான் நடமாடுகிறாள், படுக்கவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆள் நடந்துகொள்வதற்கும் நான் வைத்த அர்த்தத்துக்கும் ஒட்டவில்லை. அப்போதுதான் சந்தேகம் வந்து லிஃப்கோவைப் பார்த்தேன். மலட்டு என்று போட்டிருந்தது, பக்கத்திலேயே தரிசு என்றும் இருந்தது. நாம நிலத்துக்கு ஒரு சொல்லும் பெண்ணுக்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல். திரும்பப் போய் அந்த ரெண்டு அத்தியாயத்தையும் மறுபடி படித்தேன், அது வேறு கதையாக இருந்தது. அன்றையிலிருந்து, வைத்த அர்த்தம் அடுத்து நடக்கிறதோடு ஒட்டாவிட்டால் மூணாம் தடவைக்குக் காத்திருப்பதில்லை.

டிக்ஷனரியே கைவிட்ட வார்த்தை ஒன்று உண்டு. பஞ்சம் வந்து வீட்டில் இருக்கிற அரிசியை அளக்கும் இடத்தில் "ஒல்லாக்" என்று வந்தது. லிஃப்கோவில் இல்லை. மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. ராத்திரி சாப்பிடும்போது திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், "ஒல்லாக் ஆஃப் ரைஸ்" என்று. உலை வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆழாக்கைத்தானே சொல்றாங்க?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். நம்ம ஆழாக்கு, இங்கிலாந்து போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது! அதுக்கப்புறம் டிக்ஷனரியில் இல்லாத வார்த்தையை முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். ஜட்கா அப்படித்தான் தானாகப் புரிந்தது.

குறை சொல்லவும் விஷயம் உண்டு. ஊருக்குப் பேர் கிடையாது. வட்டிக்காரன் பேர் பிஸ்வாஸ். நம்ம பக்கத்தில் அப்படி ஒரு பேரில் வட்டிக்குக் கொடுக்கிறவரை நான் பார்த்ததில்லை. நடவு, களையெடுப்பு எல்லாம் மேலோட்டமா போகிறது. ஆனால் மழை வராத வருஷம் குத்தகை கேட்டு ஆள் வந்து நிற்பது, வீட்டில் இருக்கிற பாத்திரம் பண்டத்தை எண்ணிப் பார்ப்பது, அதெல்லாம் உள்ளது உள்ளபடி.

பங்குனிக் கடைசியில் அந்த அத்தியாயத்துக்கு வந்தேன். ஜமீன்தாரின் ஆள் சிவாஜி வருகிறான். நிலம் ஆலைக்கு விற்றாச்சு, நீங்க போக வேண்டியதுதான் என்கிறான். அவன் கெட்டவன் இல்லை, சொல்ல முடியாமல்தான் சொல்கிறான். படித்து முடித்துவிட்டுப் பார்த்தேன், பென்சில் கையிலேயே இருக்கிறது, அந்தப் பக்கங்களில் ஒரு கோடு கூடப் போடவில்லை. தெரியாத வார்த்தை இல்லாமல் இல்லை, பிறகு எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இருந்தது. படிக்கும்போது ஒன்றும் கண்ணில் படவில்லை. கரண்ட் வந்து அரை மணி ஆகியும் மோட்டார் போட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி அந்த அத்தியாயத்தை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்னேன். "அப்புறம் எங்க போனாங்க?" என்றாள். டவுனில் இருக்கிற மகனைத் தேடிப் போனாங்க, அவன் அங்கே இல்லை, கோயிலில் படுத்தாங்க, கல் உடைச்சாங்க. அதோடு நிறுத்திக்கொண்டேன். நாதன் ஊர் திரும்பவே இல்லை என்பதைச் சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். "நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள்.

நாதன் காலத்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் புத்தகம் வந்த மறுவருஷம், 1955ல், சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நம்ம மாநிலத்தில் வந்துவிட்டது. ஆனால் என் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எங்களுடையது வாய்வார்த்தை. அதனால் அது எனக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று விவரம் தெரிந்த ஒருவரைப் போய்ப் பார்க்கணும்.

அதுக்கு முன்னால் பீரோவிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்தேன். பதினொரு வார்த்தை தெரியவில்லை, ஆறு நானாகக் கண்டுபிடித்தேன், அஞ்சுக்கு லிஃப்கோ. மகள் சொன்னது சரிதான், நிலத்தை விற்கிறார்கள். ஆனால் கடைசிப் பத்தியில் அவள் போனில் சொல்லாமல் விட்ட ஒரு வரி இருந்தது. இத்தனை வருஷம் நிலத்தைப் பார்த்துக்கொண்டதால், வாங்குகிற விருப்பம் இருந்தால் முதலில் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் வெளியில் பேசுவார்களாம். மகளிடம் கேட்டேன். "அவ்வளவு பணத்துக்கு எங்கப்பா போறது, உங்களை ஏன் சங்கடப்படுத்தணும்னுதான் சொல்லல" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் அந்த வரியை நானே படித்தேன்.

வர்ற வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். குறுவைக்கு நாத்து விடுவதா வேண்டாமா என்பது அதுக்கப்புறம்தான் தெரியும். போய்வந்து எழுதுகிறேன்.