பூட்டு போட்ட பிறகும்

மெயின்டனன்ஸில் இருந்த காலத்தில் என் இடுப்பில் எப்போதும் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கும். மெஷினில் கை வைக்கும் முன் மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டி, பெயரும் தேதியும் எழுதிய டேகை மாட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். அந்தப் பூட்டை நம்பித்தான் ஒரு பையனின் விரலைக் கெடுத்தேன்.

அலுமினியம் டை காஸ்டிங் மெஷின் அது. உருகிய அலுமினியத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அச்சுக்குள் தள்ள வேண்டும். அவ்வளவு எண்ணெயை அந்த வேகத்தில் பம்ப் மட்டும் கொடுக்க முடியாது. அதற்காகப் பக்கத்தில் அக்குமுலேட்டர் என்று ஆளுயர உருளை ஒன்று நிற்கும். அதன் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். பம்ப் எண்ணெயை உள்ளே தள்ளத் தள்ள, வாயு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி 140 கிலோ பிரஷரில் காத்திருக்கும். கரண்டை நிறுத்தினாலும் அந்த ஸ்பிரிங் அமுங்கியபடியேதான் இருக்கும்.

இரண்டாம் ஷிப்டில் அக்குமுலேட்டருக்குக் கீழே ஒரு ஃபிளாஞ்சில் எண்ணெய் கசிவதாகச் சொன்னார்கள். ஓ-ரிங் மாற்றினால் போதும், அரை மணி வேலை. ஐசொலேட்டரைப் பூட்டினேன், டேக் மாட்டினேன், ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன். மெஷின் அசையவில்லை. பேனலில் இருந்த பிரஷர் கேஜில் முள் பூஜ்யத்தில் நின்றது. "சரிப்பா, கழட்டு" என்றேன்.

அந்தக் கேஜ் பம்ப் பக்கத்தில் இருந்தது. பம்ப்புக்கும் அக்குமுலேட்டருக்கும் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது. போன எண்ணெய் திரும்பி வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. பம்ப் நின்றதும் இந்தப் பக்கம் பிரஷர் இறங்கிவிடும்; அந்தப் பக்கம் 140 அப்படியே நிற்கும். கேஜ் உண்மையைத்தான் சொன்னது. நான்தான் வேறு இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பையன் ஆலன் போல்ட்டை அரைச் சுற்று திருகினான். உஸ்ஸென்று ஒரு சத்தம். எங்கே கசிகிறது என்று விரலால் தடவினான். "சார், ஏதோ குத்துச்சு" என்றான். பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. துடைத்துக்கொண்டு ஷிப்ட் முடித்துப் போனான். ராத்திரி விரல் வாழைப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. தோலைத் துளைத்துக்கொண்டு போன எண்ணெய் உள்ளே தசைநார் ஓரமாகப் பரவியிருந்தது. டாக்டர் விரலை நீளமாகக் கிழித்துக் கழுவினார். விரல் தப்பியது, ஆனால் நுனி மூட்டு அதற்கப்புறம் மடங்கவில்லை. குத்தின உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், வலி இருக்கிறதோ இல்லையோ. எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

1989-இல் அமெரிக்காவில் வந்த பூட்டு-டேக் விதியில், பூட்டிய பிறகு தங்கியிருக்கும் சக்தியை வெளியேற்று, மறுபடி சேர வழியிருந்தால் கடைசிவரை சோதித்துக்கொண்டே இரு என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. நான் அதைப் படித்தது இந்த விபத்துக்குப் பிறகு.

அடுத்த வாரமே அக்குமுலேட்டர் பக்கத்தில் தனிக் கேஜ் வைத்தோம். எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் டிரெயின் வால்வு ஏற்கெனவே இருந்தது, யாரும் தொட்டதில்லை. அதை மெதுவாகத் திறந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். எங்கள் மெஷினில் நைட்ரஜனை 100 கிலோவுக்கு நிரப்பியிருந்தோம். அதனால் முள் 140-லிருந்து நிதானமாக 100 வரை இறங்கும். அங்கே எண்ணெய் தீர்ந்துவிடுவதால் சட்டென்று பூஜ்யத்தில் விழும். அந்த விழுகையைப் பார்த்தால்தான் உருளை காலி என்று அர்த்தம். திறந்த மாத்திரத்தில் முள் விழுந்தால் சந்தேகப்பட வேண்டும்: நடுவில் ஏதோ வால்வு மூடியிருந்து, குழாயில் இருந்த எண்ணெய் மட்டும் போயிருக்கலாம், அல்லது நைட்ரஜனே கசிந்து போயிருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

காலியான பிறகு டிரெயின் வால்வைத் திறந்த நிலையிலேயே வைத்து இரண்டாவது பூட்டு. அப்போதுதான் எங்காவது மிச்சம் இருப்பது கசிந்து வந்தாலும் பிரஷர் மறுபடி ஏறாது. இதில் ஒரு எல்லை உண்டு: எண்ணெய்தான் போயிற்று, மேலே 100 கிலோ நைட்ரஜன் அப்படியே இருக்கிறது. ஃபிளாஞ்ச் வேலைக்கு அதனால் பாதகமில்லை. உருளையையே பிரிப்பதென்றால் வாயுவையும் அதற்கான கிட் போட்டு இறக்கியாக வேண்டும்.

இந்த டிரெயின் வேலைக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். புரொடக்ஷன்காரர்கள் முணுமுணுப்பார்கள். அந்தப் பையன் பிறகு அதே ஷாப்பில் ஃபோர்மேன் ஆனான். யாராவது அவசரப்படுத்தினால் பேசாமல் அந்த மடங்காத விரலால் கேஜைக் காட்டுவானாம்.