முப்பது சென்ட் கிடைத்தது; இருபத்து நான்கு சென்ட் காணவில்லை



நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பத்திரத்துடன் வந்தார். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய பாட்டனார் 1968இல் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரம் அது. பாட்டனாரும் பின்னர் அத்தாவும் வஃபாத்தாகிவிட்டனர். "ஹஜ்ரத், பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் இருக்கிறது. சிட்டாவில் 90 சென்ட்தான் வருகிறது. மீதியைப் பெரியத்தா விற்றுவிட்டாரோ?" என்று கேட்டார். அவர் குரலில் சந்தேகம் கசப்பாகவே மாறியிருந்தது. காகிதங்களை விரித்து உடன் அமர்ந்தோம். கீழே வரும் எண்களை மட்டும் மாற்றியிருக்கிறோம்.

பத்திரத்தில் சர்வே எண் 57/2இல் 90 சென்ட் நஞ்சை என்றும், 57/3இல் 60 சென்ட் கிணற்றுத் தோட்டத்தில் பிரிபடாத பாதி என்றும் இருந்தது. eservices.tn.gov.in தளத்தில் அவர் 57 என்று தேடியபோது முன்பின் அறியாதவர் பெயர் வந்திருக்கிறது. சர்வே எண் என்பது வயலுக்கு அரசு இட்ட அடையாளம். கோட்டுக்குப் பின்வருவது அதன் உட்பிரிவு. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் இந்த எண்கள் மாறின. ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் ஏருமாக எழுதப்பட்டன. பழைய எண் இன்று எதுவாயிற்று என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேடு காட்டும். 57/2 இப்போது 112/2 என்றும், 57/3 இப்போது 113/1 என்றும் அதில் கண்டோம்.

அப்படியானால் 30 சென்ட் எங்கே? சிட்டா என்பது ஒரு பட்டா எண்ணின்கீழ் உள்ள நிலங்களைத் திரட்டிக் காட்டும் கணக்கு. மாணவர் வீட்டிலிருந்த தீர்வை ரசீதின் பட்டா எண்ணைக் கொண்டு தேடியிருந்தார். அதில் 112/2 மட்டும் 0.36.5 ஹெக்டேர் என்று வந்தது. ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட், ஆக 36.5 ஏர் 90 சென்ட். இப்போது 113/1 என்று சர்வே எண்ணால் தேடினோம். வேறொரு பட்டா எண் வந்தது. அது கூட்டுப் பட்டா. பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் பாட்டனார் பெயரும் சேர்ந்திருந்தன, பரப்பு 0.24.5 ஹெக்டேர், அதாவது 60 சென்ட். அதில் பாதி 30. எவரும் எதையும் விற்கவில்லை. ஒருவருக்கு ஒரே கிராமத்தில் தனிப் பட்டாவும் கூட்டுப் பட்டாவும் இருக்கக்கூடும் என்பதை அறியாததே சந்தேகத்தின் வேர்.

பின்னர் அடங்கல் பார்த்தோம். ஜூலை முதல் ஜூன் வரையிலான ஒவ்வொரு பசலி ஆண்டிலும் எந்த வயலில் என்ன பயிர், தண்ணீர் எங்கிருந்து என்று கிராமக் கணக்கில் எழுதுவது அடங்கல். பசலி 1434இல், அதாவது 2024 ஜூலை தொடங்கிய ஆண்டில், ஒன்றில் நெல்லும் மற்றதில் தென்னையும் பதிவாகியிருந்தன. பெரியத்தா பயிரிட்டு வருகிறார். அடங்கல் சாகுபடியைச் சொல்லுமேயன்றி, நிலம் யாருக்கு என்று தீர்க்காது. பட்டா, சிட்டாவும் வருவாய்த் துறைப் பதிவுகளே. உரிமைக்கு வேர் பத்திரமும் வாரிசுரிமையும்தான்.

அங்கேதான் நம் கண் நின்றது. 112/2இன் பட்டா பாட்டனாரின் இரு மகன்கள் பெயருக்கு மாறியிருந்தது. "உங்கள் பாட்டனாருக்குப் பெண்மக்கள் இல்லையா?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, "மாமி ஒருவர் இருக்கிறார், ஹஜ்ரத்" என்றார்.

பாட்டியார் முன்பே மறைந்துவிட்டதால் வாரிசுகள் இரு மகன்களும் ஒரு மகளும். கடனும் வஸிய்யத்தும் ஏதும் இல்லை. நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு, மொத்தம் ஐந்து. 120 சென்டில் மகன்களுக்கு 48, 48, மாமிக்கு 24. விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பங்கு செல்லாது என்று சிலர் சொல்வர். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. ஆனால் 1949இல் சென்னை மாகாணம் அதைத் திருத்தி, விவசாய நிலத்தையும் உட்படுத்திவிட்டது.

பட்டாவில் பெயர் விடுபட்டதால் மாமியின் உரிமை அழிந்துவிடவில்லை. வாரிசுச் சான்றிதழுடன் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்து பெயரைச் சேர்க்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாம். அவர் விட்டுக்கொடுப்பதானால், தம் பங்கு 24 சென்ட் என்று அறிந்தபின், மனமுவந்து, பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தால் விடட்டும். "கல்யாணத்துக்குச் செய்தாயிற்றே" என்பது பங்கைக் கொடுத்ததாகாது.

தன்னுடைய முப்பது சென்டைத் தேடி வந்தவர், மாமியின் இருபத்து நான்கு சென்டோடு திரும்பினார். மறு வெள்ளியன்று பெரியத்தாவையும் அழைத்துக்கொண்டு மாமியின் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். மனு இப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.