வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

குழித்தட்டு நாற்று இப்போது வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. 25 நாள் தக்காளி நாற்றைப் பார்த்து ரகம் சொல்ல யாராலும் முடியாது. ரகம் மாறியிருந்தால் காய் பிடிக்கும்போதுதான் தெரியும். அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும். அதனால் தட்டு இறங்கும் முன்பே விவரம் பேசிவிட வேண்டும்.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி குடும்பம், குச்சி நட்டுக் கட்டும் உயரமான ரகத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. ஐந்து அடிக்கு ஒரு பாத்தி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. ஏக்கருக்கு 5,808 செடி வேண்டும். தட்டுக்கு 98 குழி என்பதால் 60 தட்டு, அதாவது 5,880 நாற்று. மீதி 72 போக்குநடவுக்கு.

வண்டி வந்தபோது வீட்டுக்காரர் வயலில் இருந்தார். அந்த அம்மா வாசலுக்கு வந்து, "வாங்க தம்பி, தண்ணி குடிங்க. யார் பேருக்கு வந்திருக்கு, என்ன ரகம், எத்தனை தட்டு? பில்லைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

டிரைவர் படித்தார். பெயர் வீட்டுக்காரர் பெயர்தான். ஆனால் தகப்பனார் பெயர் வேறு, 40 தட்டு, குச்சி கட்டத் தேவையில்லாத குட்டை ரகம். பக்கத்து ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். அவர் நாற்றும் அதே வண்டியில்தான் வந்திருந்தது. டிரைவர் பில்லை மாற்றி எடுத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் சரியான 60 தட்டு இறங்கியது.

"எங்க நாற்றுதானே தம்பி?" என்று கேட்டிருந்தால், அவசரத்தில் இருக்கும் டிரைவர் "ஆமாம்மா" என்றுதான் சொல்லியிருப்பார். பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அடுத்து இன்னும் இரண்டு கேள்வி: பணம் பாக்கி எவ்வளவு? காலித் தட்டை எப்போது திருப்பித் தர வேண்டும்?

இறக்கும்போதே ஐந்தாறு தட்டில் ஒவ்வொரு நாற்றை மெதுவாக உருவிப் பாருங்கள். நார்க்கழிவு உதிராமல், வெள்ளை வேர் சுற்றிப் பிடித்திருந்தால் நல்ல நாற்று. வேர் பழுப்பாக இருந்தாலோ, நுனி இலை சுருண்டிருந்தாலோ, டிரைவர் இருக்கும்போதே படம் எடுத்து நாற்றுப் பண்ணைக்குப் பேசுங்கள். செடி எண்ணிக்கை குறைந்தால் பில்லிலேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இந்தச் சோதனையில் ரகம் தெரியாது. அதற்கு ரகப் பெயரும் விதைக் குவியல் எண்ணும் உள்ள பில்தான் ஆதாரம். அறுவடை முடியும்வரை அதைப் பத்திரப்படுத்துங்கள்.

தட்டுகளை நிழலில் பரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, வெயில் தாழ்ந்ததும் நடுங்கள்.