தக்காளிப்பழம் ஏன் மரக்கறிக் கடையில் இருக்கிறது?

சனிக்கிழமைகளில் எங்களோடு வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கதை எழுத வேண்டியிருந்தது. ஏழு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகள். பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும், முடிந்ததும் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருளும் இருக்க வேண்டும். தக்காளி ஏன் பழம் என்பதை எழுதுவதென்று முடிவெடுத்தோம்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் விளங்கியது. ஆங்கிலத்தில் வளரும் பிள்ளைக்கு ‘தக்காளி ஒரு பழம்’ என்பது புதினம். எங்கட பிள்ளைகளுக்கு அதில் என்ன புதினம்? திருநெல்வேலிச் சந்தையில் நின்று “தக்காளிப்பழம் அரைக் கிலோ தாங்கோ” என்றுதானே அம்மம்மா கேட்கிறா. பச்சையாக இருந்தால் தக்காளிக்காய், சிவந்தால் தக்காளிப்பழம். ஆனால் அதே பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு பக்கம் பழங்களையும் மறுபக்கம் மரக்கறிகளையும் எழுதச் சொன்னால் தக்காளி மரக்கறிப் பக்கம்தான் போகும். பேரிலே பழம், கடையிலே மரக்கறி. எங்கட கதைக்கு வேண்டிய முடிச்சு இதுதான்: பேரும் இடமும் ஏன் பொருந்தவில்லை?

நாங்கள் எழுதிய கதை இது.

சந்தையால் வந்த கூடையைக் குசினி யன்னலடியில் வைத்துவிட்டு அம்மா தண்ணி அள்ளப் போனா. கூடைக்குள் இருந்த மாம்பழம் பக்கத்தில் கிடந்த தக்காளியைப் பார்த்துக் கேட்டது.

“உன்ர பேர் என்ன?”

“தக்காளிப்பழம்.”

“பழமோ? அப்ப ஏன் கரட்டோட கிடக்கிறாய்?”

தக்காளிக்குப் பதில் தெரியவில்லை. அது கரட்டிடம் போய், “நீ ஆர்?” என்று கேட்டது.

“நான் வேர். மண்ணுக்குள்ள இருந்து செடிக்குத் தண்ணி உறிஞ்சிக் குடுத்தனான்.”

“நான் இலை. வெயில் பிடிச்சுச் சாப்பாடு செய்தனான்” என்றது வல்லாரை.

“நான் தண்டு. மண்ணுக்குள்ள ஒளிச்சிருந்து சாப்பாடு சேர்த்து வைச்சனான்” என்றது உருளைக்கிழங்கு.

“நாங்கள் பூ. இன்னும் விரியேல்லை” என்றது வாழைப்பொத்தி.

பிறகு எல்லாம் சேர்ந்து கேட்டன. “நீ ஆர்?”

தக்காளி யன்னலால் வெளியே பார்த்தது. அங்கே சாடியில் ஒரு தக்காளிச் செடி நின்றது. மேலே ஒரு மஞ்சள் பூ. அதற்குக் கீழே மிளகளவில் ஒரு பச்சை உருண்டை, அதன் நுனியில் காய்ந்த மஞ்சள் இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே தேசிக்காயளவில் ஒரு காய். ஆகக் கீழே சிவக்கத் தொடங்கிய ஒன்று. பூவின் பின்னால் ஒரு பச்சை நட்சத்திரம் இருந்தது. மிளகளவு உருண்டையின் தலையிலும் அதே நட்சத்திரம். காயிலும் அதே. தக்காளி தன் தலையைத் தடவிப் பார்த்தது. அங்கேயும் இருந்தது.

“நான் பூவுக்குள்ள இருந்தனான்!” என்று தக்காளி கத்தியது. “பூ வாடிப் போச்சுது. நான் மட்டும் நிண்டு பெருத்தனான். என்ர வயித்துக்குள்ள விதை இருக்கு. அதைப் பாத்துக்கொள்ளுறதுதான் என்ர வேலை.”

“அட, நானும் அப்பிடித்தான் வந்தனான்” என்றது மாம்பழம்.

அப்போது கத்தரிக்காய் மெல்ல எழும்பியது. “எனக்கும் தலையில தொப்பி இருக்கு. அப்ப நானும்...?”

அம்மா உள்ளே வந்தா. “மரக்கறி வெட்ட வேணும்” என்று சொல்லிக்கொண்டு தக்காளியைக் கையில் எடுத்தா. தக்காளி மாம்பழத்துக்குக் கண்ணடித்தது. “சட்டியில நான் மரக்கறி. செடியில நான் பழம்.”

கதை அவ்வளவுதான். இதற்குள் எதை வைப்பது, எதை விடுவது என்றுதான் எங்களுக்குள் கனநேரம் வாக்குவாதம் நடந்தது.

“விதை இருந்தால் பழம்” என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சுலபமான வரி, ஆனால் வாழைப்பழத்தில் உடைந்துவிடும். நாங்கள் தின்னும் கதலியில் விதை இல்லை, நடுவில் வளராமல் நின்றுபோன கறுத்தப் புள்ளிகள்தான் உண்டு. “இனித்தால் பழம்” என்றால் தேசிக்காய் சிரிக்கும். ஆகவே உருசியையும் விதையையும் விட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது என்பதைப் பிடித்தோம். தாவரவியலில் பழம் என்பது பூவின் சூலகம் முற்றி வளர்ந்தது. சூலகம் என்ற சொல்லைக் கதைக்குள் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த மிளகளவு உருண்டை சூலகம்தான்.

தக்காளிப் பூவைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது விளங்கும். பூ தலைகீழாகத் தொங்கும். நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று இருக்கும், மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து அப்படி நிற்கின்றன. அந்தக் கூம்புக்குள்ளே சூலகமும் அதன் நீண்ட கழுத்தும் ஒளிந்திருக்கின்றன. காற்று பூவை ஆட்டினாலோ, கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தாலோ மகரந்தம் கொட்டும். அதே பூவின் கழுத்து நுனியிலேயே அது ஒட்டிக்கொள்ளலாம். அங்கிருந்து மகரந்தம் ஒரு மெல்லிய குழாயாக உள்ளே இறங்கிச் சூல்வித்துகளைச் சேரும். அதன்பிறகு இதழ்கள் வாட, சூலகம் பெருக்கும். இது நடக்காவிட்டால் பூக்காம்பில் உள்ள கணுவோடு கழன்று பூ முழுதாக விழுந்துவிடும். வெக்கை கூடின நாட்களில் “பூக்குது, ஆனா காய்க்குதில்லை” என்று வீட்டுத்தோட்டக்காரர் சொல்வது இதைத்தான். பிடித்த காய் சிவக்க ஏறக்குறைய ஆறேழு கிழமை எடுக்கும்.

காய் ஏன் முதலில் பச்சையாகவும் பிறகு சிவப்பாகவும் இருக்கிறது என்பதற்கும் விடை விதையில்தான் இருக்கிறது. விதை முற்றும்வரை யாரும் தின்னக்கூடாது. அதனால் இலையின் நிறத்தில் கசப்போடு ஒளிந்திருக்கும். முற்றியபிறகு யாராவது தின்று விதையை வேறிடம் கொண்டுபோக வேண்டும். அதனால் சிவந்து, மெதுமையாகி, புளிப்போடு இனிப்பும் சேரும். காய், பழம் என்று எங்கட மொழி பிரித்து வைத்திருப்பது இந்த இரண்டு கட்டங்களைத்தான். இரண்டுமே தாவரவியலில் ஒரே உறுப்பு. கத்தரிக்காய், வெண்டிக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றிலும் வரும் அந்தக் ‘காய்’ தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. பழுக்க முன்னரே நாங்கள் பிடுங்கித் தின்னும் பழங்கள் அவை.

கதை சொல்லி முடிந்ததும் ஒரு பெடியன் எழும்பி, “அப்ப வெங்காயம்?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் நல்ல கேள்வி. வெங்காயத்தில் இருப்பது ‘காயம்’, பெருங்காயத்தில் இருக்கும் அதே காயம். உரித்து உரித்துப் போனால் வருவதெல்லாம் இலையின் தடித்த அடிப்பாகங்கள். பேரைப் பார்த்து முடிவெடுக்க ஏலாது, பொருளைப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஒவ்வொருவர் கையிலும் ஒரு தக்காளியைக் கொடுத்து இரண்டு அடையாளம் தேடச் சொன்னோம். ஒன்று காம்பும் நட்சத்திரமும் இருக்கும் இடம். மற்றது நேர் எதிரே, அடியில், குண்டூசி முனையளவில் ஒரு மண்ணிறப் புள்ளி. பூவின் கழுத்து இருந்து விழுந்த தழும்பு அது. கரட்டில் இப்படி ஒரு தழும்பு கிடையாது. பிறகு கொய்யாப்பழம் கொடுத்தோம். “இதுக்கு நட்சத்திரம் கீழ இருக்கு!” என்று ஒரு பிள்ளை கத்தினாள். சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். தக்காளிப் பூவில் சூலகம் புல்லிகளுக்கு மேலே இருக்கிறது, அதனால் நட்சத்திரம் காம்புப் பக்கம் நிற்கிறது. கொய்யாவிலும் மாதுளையிலும் சூலகம் புல்லிகளுக்குக் கீழே. அதனால் கிரீடம் மறு நுனிக்குப் போய்விடுகிறது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மாம்பழத்தின் தழும்பு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். கஜு இன்னும் வில்லங்கம். நாங்கள் பழம் என்று கடித்துச் சாறு உறிஞ்சும் பகுதி வீங்கிய பூக்காம்பு. அதன் அடியில் தொங்கும் கொட்டைதான் உண்மையான பழம். தக்காளியை மரக்கறி என்கிற அதே வாயால் காம்பைப் பழம் என்கிறோம்.

கடைசியாக வந்த கேள்விதான் எங்களை இருத்தியது. ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை அவள். “சோதினையில வந்தா என்ன எழுதுறது?” புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு புள்ளி என்பது சின்ன விஷயம் இல்லை. நாங்கள் சொன்ன கதையால் அந்தப் புள்ளி போகுமென்றால் அது எங்கட பொறுப்பு.

அவளுக்கு ஒரு வழக்கைச் சொன்னோம். 1886இல் நியூயோர்க் துறைமுகத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி வந்து இறங்கியது. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி மரக்கறிக்கு 10 சதவீதத் தீர்வை, பழத்துக்குத் தீர்வை இல்லை. சுங்க அதிகாரி ஹெடன் தீர்வை வாங்கிவிட்டார். இறக்குமதி செய்த நிக்ஸ் குடும்பத்தார், தக்காளி பழம்தானே, காசைத் திருப்பித் தா என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் அகராதிகளை எடுத்து வாசித்தார்கள். 1893இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தாவரவியலில் தக்காளி பழம்தான், ஆனால் சனங்களின் பேச்சில் அது மரக்கறி, பிரதான சாப்பாட்டோடு தின்கிற சாமானே தவிர கடைசியில் இனிப்பாகத் தின்கிறது இல்லை. ஆகவே தீர்வை தீர்வைதான். ஒரு பொருளுக்கு இரண்டு பதில் இருக்கலாம் என்பதை நீதிபதிகளும் ஒத்துக்கொண்டார்கள்.

‘மரக்கறி’ சமையலின் சொல். வேர், தண்டு, இலை, பூ, பழம் எல்லாம் அதற்குள் அடங்கும். ‘பழம்’ மட்டும் இரண்டு வீட்டுக்காரன், குசினியிலும் ஒரு பொருள், தாவரவியலிலும் ஒரு பொருள். அதனால் அவளிடம் சொன்னோம்: “கேள்வியை வாசி. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டா மரக்கறி எண்டு எழுது. தாவரத்தின்ர எந்தப் பகுதி எண்டு கேட்டா பழம் எண்டு எழுது.” அவள் கொஞ்சநேரம் யோசித்தாள். “அப்ப அம்மம்மா சொல்லுறதும் சரி, ரீச்சர் சொல்லுறதும் சரியோ?” ஓம் என்றோம்.

கையிலிருந்த தக்காளியைத் திரும்பவும் புரட்டி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். நட்சத்திரத்தைப் பிய்க்காமல் கொண்டுபோய்த் தம்பிக்குக் காட்ட வேண்டுமாம்.