காபெல் என்றொரு சொல்

செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். சொல் ஒன்றாகவும் கருத்து வேறொன்றாகவும் அமையும் இத்தகைய வழக்குகளைத் தகுதி வழக்கு என்று நன்னூலார் வகுத்துக் காட்டுகிறார். வகுப்பறையில் இப்பகுதியைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பிறருக்கு எடுத்துரைத்தபோது எளிதாகத் தோன்றிய இப்பாடம், நானே மாணவனாகி அயல்நாட்டுக் கடைவீதி ஒன்றில் நின்றபோது அடியோடு மறந்துபோயிற்று.

தமிழில் வழங்கும் பாரசீகச் சொற்களைத் தொகுக்கும் பணியில் அப்போது ஈடுபட்டிருந்தேன். பஜார், சர்க்கார், ரசீது, சிபாரிசு, சால்வை, பிஸ்தா என நாம் நாள்தோறும் புழங்கும் சொற்கள் பல பாரசீகத்தின் வழியே நம்மிடம் வந்தவை. அகராதிகளை மட்டும் புரட்டினால் போதாது, அம்மொழி பேசப்படும் மண்ணிலேயே சில வாரங்களேனும் தங்கிக் கற்கவேண்டும் என்னும் ஆசை என்னை உந்தியது. 2016ஆம் ஆண்டுக் கோடையில் ஈரான் நாட்டின் இஸ்பஹான் நகருக்குச் சென்றேன். காலையில் மொழி வகுப்பு. மாலையில் கால்போன போக்கில் உலா.

மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் காலத்தில் அமைக்கப்பட்ட நக்ஷே ஜஹான் என்னும் பெருஞ்சதுக்கம் அந்நகரின் நடுவே உள்ளது. அதன் வடபுறத்து நுழைவாயில் வழியாகச் சென்றால் கூரையிட்ட பழங்கடைவீதியை அடையலாம். செம்புப் பாத்திரம் தட்டுவோர், அச்சிட்ட துணி விற்போர், நறுமணப் பொருள் விற்போர் எனக் கடைகள் நீண்டுகொண்டே போகும். அவ்வூரின் புகழ்பெற்ற இனிப்புக்குக் கஸ் என்று பெயர். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, பன்னீர் ஆகியவற்றைக் கிளறிப் பிஸ்தாப் பருப்பைச் சேர்த்துச் செய்யும் வெண்ணிற இனிப்பு அது. துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாவில் புதைத்துப் பெட்டியில் அடுக்குவார்கள். பிஸ்தா நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதையும் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள்.

கடைவீதியில் ஏமாந்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை எனக்கு இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கையெல்லாம் எண்களைப் பற்றியதே. பணத்தாள்களில் ரியால் என்று அச்சிட்டிருந்தது. மக்களோ தோமான் கணக்கில் பேசினார்கள். பத்து ரியால் ஒரு தோமான். ஆகவே காதில் விழுந்த தொகையோடு ஒரு சுழியைச் சேர்த்தே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும். ஒரு வாரம் இக்கணக்கைப் பயின்று தேறியிருந்தேன். இனி இடறமாட்டேன் என்று எண்ணியிருந்தேன்.

அன்று மாலை கஸ் விற்கும் கடையொன்றில் நுழைந்தேன். கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். எந்த நாடு என்று கேட்டார், இந்தியா என்றேன். என் பாரசீகத்தைப் பாராட்டினார். அரைக்கிலோப் பெட்டி ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றினார். பாடநூலில் பயின்றவாறே, "விலை எவ்வளவு ஐயா?" என்று கேட்டேன். அவர் வலக்கையை நெஞ்சில் வைத்து இலேசாகத் தலைகுனிந்து, "காபெல் நதாரே" என்றார்.

நதாரே என்றால் இல்லை என்று பொருள். காபெல் எனக்குப் புதிய சொல்லன்று. அரபு மூலத்தினின்று பிறந்து, உருதுவில் காபில் என்று வழங்கும் சொல். தகுதியுடையது என்பது அதன் பொருள். நம் பேச்சுத் தமிழில் லாயக்கு என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். எனவே அத்தொடரை மனத்துள் மொழிபெயர்த்தேன்: இது விலை சொல்லத் தகுந்த பொருளன்று. வேற்று நாட்டு மாணவனுக்குப் பெரியவர் அன்பளிப்பாகத் தருகிறார் என்று முடிவு கட்டினேன். இரு கைகளாலும் பெட்டியைப் பெற்று, தெரிந்த நன்றிச் சொற்களையெல்லாம் கூறி, அவரை வாழ்த்தி வெளியேறினேன். அவர் ஏதும் சொல்லவில்லை. ஒரு கணம் அவர் முகத்தில் தோன்றிய மாற்றத்தைப் பிரிவின் வருத்தம் என்றே எடுத்துக்கொண்டேன்!

மறுநாள் வகுப்பில் இனிப்பை எல்லார்க்கும் வழங்கி, ஈரானியரின் கொடைப் பண்பை வியந்து பேசினேன். எங்கள் ஆசிரியை புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் எத்தனை முறை மறுத்தீர்கள்?"

"மறுக்கவில்லை அம்மா. பெரியவர் தருவதை மறுப்பது முறையா?" என்றேன்.

வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியை சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் தஆரொஃப் என்னும் சொல்லை எழுதினார். அரபியில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதலைக் குறிக்கும் அச்சொல், பாரசீகத்தில் ஒருவரையொருவர் உயர்த்தித் தம்மைத் தாழ்த்திப் பேசும் உபசார முறையைக் குறிக்கும். காபெல் நதாரே என்பது அம்முறையைச் சேர்ந்த தொடர். பொருளுக்கு விலையில்லை என்பது அதன் கருத்தன்று. உங்கள் மதிப்பின் முன் இப்பொருள் ஒன்றுமில்லை என்பதே கருத்து. கடைக்காரரும் சொல்வார், வாடகை வண்டியோட்டியும் சொல்வார், உங்கள் சால்வை அழகாக இருக்கிறது என்று நீங்கள் புகழ்ந்தால் தோழியும் அதைக் கழற்ற முற்பட்டுக்கொண்டே சொல்வாள்.

கேட்பவர் செய்யவேண்டியது என்ன என்பதையும் ஆசிரியை படிப்படியாக விளக்கினார். முதலில் நன்றி கூறி மறுக்கவேண்டும்; மீண்டும் விலை கேட்கவேண்டும். கடைக்காரர் இன்னொரு முறையும் அதையே சொல்லக்கூடும். அப்போதும் மறுத்து, வேண்டிக்கொண்டு, மூன்றாம் முறை கேட்கவேண்டும். அதற்குள் பெரும்பாலும் விலை வந்துவிடும். மெய்யாகவே கொடையாகத் தருபவர் இதனோடு நிற்கமாட்டார். நீங்கள் பணத்தை நீட்டிய பின்னும் அதைத் திருப்பித் தள்ளுவார், வற்புறுத்துவார், பொருளை உங்கள் பையில் தாமே வைப்பார். ஆனால் இதுவும் முழுமையான அளவுகோல் அன்று. ஐயம் இருந்தால் பணம் கொடுத்துவிடுவதே நலம் என்றார்.

"அப்படியானால் அவர் என்னை ஏன் அழைத்து விலையைக் கேட்கவில்லை?" என்று கேட்டேன்.

"எப்படிக் கேட்பார்? உங்களுக்கு முன் இது ஒன்றுமில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர், அடுத்த நொடியே பணம் எங்கே என்று கேட்டால் தம் சொல்லைத் தாமே பொய்யாக்கியவர் ஆகமாட்டாரா? தம் மரியாதையைக் காப்பாற்றும் பொறுப்பை அவர் உங்களிடம் ஒப்படைத்தார். நீங்கள் பெட்டியோடு போய்விட்டீர்கள்."

அன்றைய வகுப்பில் அதன்பின் நடந்தது எதுவும் என் காதில் விழவில்லை. அச்சொல்லின் பொருளை நான் தவறாக அறிந்திருக்கவில்லை. அகராதிப்படி சரியாகவே அறிந்திருந்தேன். அறிந்த சொல் என்னும் துணிவே என்னை மேற்கொண்டு கேட்கவிடாமல் தடுத்துவிட்டது. முற்றிலும் அறியாத சொல்லாக இருந்திருப்பின், "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டிருப்பேன், அவரும் விலையைச் சொல்லியிருப்பார்.

மாலையில் அதே கடைக்குச் சென்றேன். பெரியவர் என்னைக் கண்டதும் எழுந்து வரவேற்றார். முகத்தில் சிறு கசப்பும் இல்லை. "ஐயா, நேற்று உங்களுக்குப் பணம் கொடுக்காமல் போய்விட்டேன். மன்னியுங்கள். எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவர் கையை நெஞ்சில் வைத்தார். "காபெல் நதாரே."

சிரிப்பும் நாணமும் ஒருங்கே எழுந்தன. ஆசிரியை கற்பித்தவாறு, "உங்கள் கைக்கு வலி வாராதிருக்கட்டும், வேண்டுகிறேன், எவ்வளவு?" என்றேன். நன்றிக்கு அங்கே வழங்கும் தொடர் அது. "உங்கள் தலைக்கு வலி வாராதிருக்கட்டும், எங்கள் விருந்தினராக இருங்கள்" என்று முறைப்படியே விடை வந்தது. மூன்றாம் முறை, "ஐயா, வேண்டுகிறேன், சொல்லுங்கள்" என்றேன். அவர் கண்களில் ஒளி தோன்றியது. "18 ஆயிரம் தோமான்" என்றார். ஒரு சுழியைச் சேர்த்து, இலட்ச ரியால் தாள் ஒன்றும் 50 ஆயிரம் தாள் ஒன்றும் 10 ஆயிரம் தாள்கள் மூன்றும் எண்ணி வைத்தேன். அவர் எண்ணிப் பாராமலே பெட்டியில் இட்டார்.

நான் புறப்படும்போது அவர் திறந்திருந்த பெட்டியிலிருந்து இரண்டு கஸ் துண்டுகளை எடுத்தார். ஒன்றோடொன்று தட்டி மாவை உதிர்த்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். காபெல் என்ற சொல்லை இம்முறை சொல்லவில்லை. நானும் விலை கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பும் வழியில் நம் தமிழை நினைத்துக்கொண்டேன். விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்கிறோம். தமிழ் கற்கும் ஈரானிய மாணவர் ஒருவர் அதைக் கேட்டால், வருகிறேன் என்றவர் திரும்பி வருவார் என்று வாயிலிலேயே காத்திருக்கமாட்டாரா? விருந்தில் போதும் போதும் என்று இலையை மறைக்கும் கை, உண்மையில் எந்தப் போதும் என்பதை அவர் எப்படி அறிவார்? இவற்றை எந்த அகராதியில் நாம் எழுதிவைத்திருக்கிறோம்?

அன்றிரவு என் சொற்சீட்டுகளை எடுத்தேன். காபில் என்ற சீட்டில் அரபு, பாரசீகம், உருது. தகுதியுடைய என்று முன்பே எழுதியிருந்தேன். அதன் கீழ் இன்னொரு வரி சேர்த்தேன்: கடைக்காரர் இச்சொல்லை எதிர்மறையில் சொன்னால் நன்றி கூறி மறுக்க, மூன்று முறை விலை கேட்க.